பூட்டிய படிப்பகமும் எரியும் தெருவிளக்கும்

"குறிஞ்சிப்பாடி பக்கம் எங்கள் ஊராட்சி. ஊர் நூலகம் ஏழெட்டு வருடமாகப் பூட்டியே கிடக்கிறது, விளையாட்டுத் திடலில் கருவேலம் மண்டிவிட்டது. தலைவர் இருந்தபோது கேட்டால் 'அதெல்லாம் கட்டாயப் பணி இல்லை, விருப்பப் பணிதான்' என்றார். இப்போது தனி அலுவலரும் அதையே சொல்கிறார். சிப்காட் பக்கம் உள்ள ஊராட்சிகளில் மட்டும் எப்படி நடக்கிறது? சட்டத்தில் உண்மையிலேயே இப்படிப் பிரித்திருக்கிறார்களா?"

பிரித்திருக்கிறார்கள். தலைவர் சொன்னதில் பொய் இல்லை, பாதிதான் சொன்னார். நான் கடலூர் மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களில் பல வருடம் கணக்கு பார்த்தவன். மீதிப் பாதி அந்தக் கணக்குப் புத்தகத்தில்தான் இருக்கிறது.

முதலில் சட்டம். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் 110, 111 என்று அடுத்தடுத்து இரண்டு பிரிவுகள். 110 'கடமை' என்று தொடங்கும். ஊர்ச் சாலை, சிறு பாலம், குடியிருப்புப் பகுதியில் தெருவிளக்கு, வடிகால், தெருக் கூட்டுவதும் குப்பை அள்ளுவதும், பொதுக் கழிப்பறை, சுடுகாடு இடுகாடு, குடிநீர் எல்லாம் அதில் வரும். 111-இல் 'செய்யலாம்' என்ற சொல்தான். சாலையோர மரம், குடியிருப்புக்கு வெளியே உள்ள இடங்களில் விளக்கு, சந்தை, திருவிழாக் கட்டுப்பாடு, வண்டிப்பேட்டை, ஆட்டுத்தொட்டி, படிப்பகம், விளையாட்டுத் திடல், பூங்கா, எழுத்தறிவு மையம் என்று போகும். ஊருக்கு ஒரு வானொலிப் பெட்டி வைப்பதுகூட அதில் உண்டு, அந்தப் பட்டியலின் வயது அதிலேயே தெரிந்துவிடும்.

விளக்கு இரண்டு பட்டியலிலும் வருவதைக் கவனியுங்கள். கம்பமும் பல்பும் ஒன்றுதான், மின் கட்டணமும் ஒன்றுதான். ஊர்த் தெருவில் நின்றால் கடமை, ஊரிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போகும் முந்திரித் தோப்புப் பாதையில் நின்றால் விருப்பம். காலனி ஊரைவிட்டுத் தள்ளி இருக்கும் இடங்களில் நடுவில் இருக்கும் அந்த அரை கிலோமீட்டர் இருட்டாகவே கிடப்பதற்கு இது ஒரு காரணம். எந்த விளக்கு முக்கியம் என்று அந்த வழியாக ராத்திரி டியூஷன் முடிந்து வரும் பெண் பிள்ளையைக் கேட்டால் வேறு பதில் கிடைக்கும். ஆனால் சட்டம் அவளைக் கேட்டுப் பட்டியல் போடவில்லை.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. 110 கடமை என்று சொன்னாலும், 'நிதி வரம்புக்கு உட்பட்டு', 'நியாயமான அளவில்' ஏற்பாடு செய்ய வேண்டும் என்றுதான் சொல்கிறது. அதாவது கட்டாயப் பணிக்கும் காசு இருந்தால்தான். அப்படியென்றால் இரண்டு பட்டியலுக்கும் என்ன வித்தியாசம்? கேள்வி யார் பக்கம் திரும்பும் என்பதுதான். குடிநீர் வரவில்லை என்றால் ஏன் செய்யவில்லை என்று ஊராட்சிகளின் ஆய்வாளரான மாவட்ட ஆட்சியர் கேட்கலாம். கடமையை வேண்டுமென்றே செய்யாத தலைவரை நீக்குவதற்கு 205-ஆம் பிரிவு இருக்கிறது. படிப்பகம் திறக்காததற்காக யாரும் யாரையும் அப்படிக் கேட்க முடியாது. மாறாக, படிப்பகத்துக்குச் செலவு செய்துவிட்டு மோட்டார் காயில் கட்டக் காசில்லாமல் நின்றால், 'இதற்கு ஏன் செலவு செய்தாய்?' என்று தணிக்கையில் கேள்வி வரும்.

அரசியலமைப்பின் பதினோராவது அட்டவணையில் 29 பொருள்கள் இருக்கின்றன, அதில் நூலகம் 20-ஆவது, ஆகவே அது ஊராட்சியின் கடமை என்று கிராம சபையில் சிலர் வாதிடுவார்கள். அது நிற்காது. 243ஜி பிரிவு அந்த அதிகாரங்களை மாநிலச் சட்டமன்றம் ஊராட்சிக்குத் தரலாம் என்றுதான் சொல்கிறது. தமிழ்நாடு நூலகத்தைத் தந்தது, ஆனால் 111-இல் படிப்பகமாகத் தந்தது. அட்டவணையைப் பிடித்து வாதாடுவதைவிட வரவு செலவைப் பிடிப்பது பலன் தரும்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு சின்ன ஊராட்சியை எடுத்துக்கொள்வோம். எண்கள் நான் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை, ஆனால் அளவு இந்த மாதிரிதான் இருக்கும். 500 வீடு. வீட்டுக்குச் சராசரி வருடத்துக்கு 150 ரூபாய் வரி. முழுவதும் வசூலானால் 75,000. ஊராட்சிக்குச் சொந்தமாக, யாரிடமும் கேட்காமல் செலவு செய்யக்கூடிய பணத்தில் பெரிய பங்கு இதுதான்.

இப்போது செலவு. குடிநீருக்கு பத்து எச்.பி. மோட்டார் ஒன்று, ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் ஓடுகிறது என்று வையுங்கள். நாளைக்கு 45 யூனிட், மாதம் 1,350 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று போட்டாலே மாதம் 10,800, வருடத்துக்கு 1.3 லட்சம். ஒரே ஒரு மோட்டாரின் மின் கட்டணம், ஊர் முழுக்க வசூலாகும் வீட்டு வரியைத் தாண்டிவிட்டது. இன்னும் தெருவிளக்குக் கட்டணம் இருக்கிறது, டேங்க் ஆபரேட்டர் சம்பளம் இருக்கிறது, வருடத்துக்கு இரண்டு தடவையாவது மோட்டார் எரியும், குழாய் உடையும், பிளீச்சிங் பவுடர் வாங்க வேண்டும்.

இந்தப் பள்ளத்தை மாநில நிதி ஆணைய மானியம்தான் நிரப்புகிறது. மின் கட்டணத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் என்று தனிக் கணக்கே உண்டு. ஒன்றாம் நம்பர் கணக்கு பொது நிதி, இரண்டாம் நம்பர் மின்சாரம், குடிநீருக்கு, மூன்றாம் நம்பர் திட்டப் பணம். எங்கள் ஆபீஸில் 'ஒன்றில் காசு இருக்கா?' என்றால், சுதந்திரமாகச் செலவு செய்ய ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று அர்த்தம். சின்ன ஊராட்சிகளில் பெரும்பாலும் பதில் உதட்டைப் பிதுக்குவதுதான்.

மத்திய நிதி ஆணைய மானியமும் வருகிறது. 15-ஆவது நிதி ஆணையத்தின் 2021-26 காலத்தில் அதில் 60 விழுக்காடு குடிநீர், சுகாதாரம் என்று கட்டிப்போட்ட பணம். 40 விழுக்காடு கட்டில்லாத பணம். அப்பாடா, அதில் படிப்பகம் நடத்தலாமே என்று தோன்றும். அங்கேதான் கண்ணி. கட்டில்லாத அந்தப் பணத்தையும் சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் தொடக்கூடாது. கட்டடம் கட்டலாம், சுற்றுச்சுவர் எழுப்பலாம், பெயின்ட் அடிக்கலாம். கதவைத் திறந்து உட்கார ஓர் ஆளுக்கு மாதம் ஐயாயிரம் கொடுக்க முடியாது.

உங்கள் ஊர் நூலகத்தின் கதையும் இதுதான் என்று பந்தயம் கட்டுவேன். சுவரில் 'அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம்' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். 2006 முதல் 2011 வரை நடந்த திட்டம், ஊராட்சிக்கு 20 லட்சம். வருடத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு ஊராட்சிகள் என்று எடுத்து எல்லா ஊராட்சிகளுக்கும் செய்தார்கள். நூலகமும் விளையாட்டுத் திடலும் ஊருக்கு ஊர் வந்தது அதில்தான். கட்டடம் நன்றாகவே கட்டினார்கள், புத்தகமும் அலமாரியும் வந்தன. நூலகருக்குச் சிறு மதிப்பூதியம். அந்தத் தொகைக்கு ஓய்வுபெற்ற வாத்தியார் யாராவது ஊர் மேல் இருக்கிற பிரியத்தில் உட்கார்ந்தால் உண்டு. அவருக்கு மூட்டு வலி வந்ததும் பூட்டு விழும். நான் பார்த்த ஒரு ஊரில் பூட்டைத் திறந்தபோது உள்ளே பிளீச்சிங் பவுடர் மூட்டையும் பழைய சோடியம் விளக்கும் அடுக்கியிருந்தார்கள். கட்டாயப் பணி, விருப்பப் பணியின் வீட்டுக்குள் குடியேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

திறந்து நடத்த உண்மையில் என்ன ஆகும்? மாலை நான்கைந்து மணி நேரம் உட்கார ஒருவருக்கு மாதம் 6,000 கொடுத்தால் வருடத்துக்கு 72,000. இரண்டு நாளிதழ், ஒரு வார இதழ், மின்சாரம், சின்னச் சின்னப் பழுது என்று இன்னொரு 12,000 வையுங்கள். 84,000. நமது ஊராட்சியின் முழு வீட்டு வரியும் போய் மேலே கடனும் நிற்கும். ஆகவே தலைவருக்கு மனசு இருந்தாலும், படிப்பகத்தைத் திறப்பதும் மோட்டாரை நிறுத்துவதும் ஒரே முடிவாகிவிடும். காலிக் குடத்தோடு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் தாசில்தார் வருவார், காவல்துறை வரும், அன்று சாயங்காலமே லாரியில் தண்ணீர் வரும். நூலகம் திறக்கவில்லை என்று கையில் புத்தகத்தோடு சாலையை மறித்த ஊரை நான் பார்த்ததில்லை.

இதில் ஒரு வேதனையான வேடிக்கை உண்டு. நீங்கள் வீட்டு வரி ரசீதைப் பார்த்தால் அதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். ரூபாய்க்கு 10 காசு. 1948-ஆம் வருடத்து பொது நூலகச் சட்டத்தில் இருந்து வருவது. நமது கணக்கில் 75,000-க்கு 7,500. ஊராட்சி இதை வசூல் செய்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்பிவிட வேண்டும். ஆணைக்குழு அதைக் கொண்டு தன் கிளை நூலகங்களை நடத்துகிறது. ஊராட்சி கட்டிய நூலகம் ஆணைக்குழுவின் கிளை அல்ல. ஆகவே மக்கள் நூலகத்துக்கு வரி கட்டுகிறார்கள், ஊராட்சி நூலகம் பூட்டிக் கிடக்கிறது. இரண்டுமே சட்டப்படி சரி.

சிப்காட் பக்கம் எப்படி நடக்கிறது என்று கேட்டீர்கள். தொழிற்சாலைக் கட்டடத்தின் பரப்பளவுக்கு வீட்டு வரி வரும், அங்கே வேலை செய்கிறவர்களின் தொழில் வரி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மொத்தமாக வரும். கட்டட அனுமதிக் கட்டணமும் சேரும். ஒன்றாம் நம்பர் கணக்கில் மின்சாரமும் சம்பளமும் போக மிச்சம் நிற்கும். அந்த மிச்சம்தான் விருப்பப் பணி. நெய்வேலியை ஒட்டிய ஊர்களிலும், தேசிய நெடுஞ்சாலையில் கல்யாண மண்டபமும் பெட்ரோல் பங்க்கும் உள்ள ஊர்களிலும் இந்த வித்தியாசம் கொஞ்சம் தெரியும். அங்கே தலைவர்கள் நல்லவர்கள் என்பதனால் அல்ல. மிச்சம் இருந்தும் படிப்பகம் பூட்டிக் கிடக்கும் ஊர்களும் உண்டு, அங்கே திட்டுவதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஆனால் 'ஏழை ஊராட்சி விருப்பப் பணியைக் கைவிடும்' என்று முழுவதுமாகச் சொல்லிவிட முடியாது. 111-இலேயே காசு கொண்டுவரும் வேலைகள் இருக்கின்றன. வாரச் சந்தையை எந்த ஏழை ஊராட்சியும் விட்டதில்லை, வருடா வருடம் ஏலம் தவறாது. வண்டிப்பேட்டை இன்றைக்கு ஆட்டோ, வேன் நிறுத்தமாகி அதற்கும் குத்தகைதாரர் இருக்கிறார். தை மாதம் ஐந்தாம் நாள் தென்பெண்ணையிலும் கெடிலத்திலும் நடக்கும் ஆற்றுத் திருவிழாவுக்கு, கடைக்காரர்களிடம் கட்டணம் வாங்க ஊராட்சி ஆள் காலையிலேயே நிற்பார். மறுநாள் ஆற்று மணலில் கிடக்கும் பிளாஸ்டிக் தட்டுகளை அள்ளத்தான் ஆள் தேட வேண்டும். ஆகவே 111-இல் முதலில் சாவது வரவில்லாமல் மாதாமாதம் ஆள் கேட்கும் வேலை. படிப்பகம், எழுத்தறிவு மையம், பூங்கா, திடல். ஒரு தடவை செலவு செய்தால் முடிந்துவிடும் வேலைகூடப் பிழைத்துக்கொள்ளும்.

மரம் இதற்கு நல்ல சாட்சி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது இந்தப் பகுதியின் சாலையோர மரங்களும் பலாவும் முந்திரியும் என்ன ஆயின என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதன் பிறகு நூறு நாள் வேலையில் குழி தோண்டிக் கன்று வைத்தார்கள், அதற்குப் பணம் இருந்தது. கன்று பிழைக்க இரண்டு மூன்று கோடை தண்ணீர் ஊற்ற வேண்டும், வேலிக் கூண்டை ஆடு தள்ளினால் நிமிர்த்த வேண்டும். அதற்குத் தொடர்ந்து ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு ஒன்றாம் நம்பரில் காசு வேண்டும். பல இடங்களில் கூண்டு மட்டும் மிஞ்சியது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்து தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கியபோதும் இதே கதை. வெள்ளம் வடிந்ததும் முதல் பணம் மோட்டாருக்கும் கம்பத்துக்கும் போகும். 110 அப்படித்தான் வரிசை போடுகிறது, அந்த நேரத்தில் அது சரியான வரிசைதான்.

எல்லைக்கு அந்தப் பக்கம் பாகூரில் சொந்தக்காரர்கள் இருந்தால் அங்கே எப்படி என்று கேட்டுப் பாருங்கள். புதுச்சேரிக்குத் தனிச் சட்டம், 1973-இல் வந்தது. 1968-க்குப் பிறகு 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது, அந்தக் குழுக்களின் காலம் 2011-இல் முடிந்தது. ஒன்றியப் பிரதேசம் என்பதனால் மத்திய நிதி ஆணைய மானியமும் அந்த வழியாக வருவதில்லை. தேர்ந்தெடுத்த உறுப்பினரே இல்லாத கொம்யூன் பஞ்சாயத்தில் விருப்பப் பணியை விரும்புவதற்கு யார் இருக்கிறார்கள்? அதிகாரி கட்டாயப் பட்டியலோடு நிறுத்திக்கொள்வார். அது அவர் தப்பும் இல்லை. 'விருப்பம்' என்றால் ஊரின் விருப்பம், அதைத் தீர்மானமாகப் போட மன்றம் வேண்டும். கடலூரிலும் 2025 ஜனவரியில் ஊராட்சி மன்றங்களின் காலம் முடிந்து தனி அலுவலர் கையில் போனபோது நிலைமை அதே போலத்தான் ஆனது. 2016 முதல் 2019 வரையும் இப்படி இருந்தோம், அந்த மூன்று வருடத்தில்தான் பல படிப்பகங்களின் பூட்டு துருப்பிடித்தது.

உங்கள் ஊரில் காசில்லாமல் நடக்கவில்லையா, மனசில்லாமல் நடக்கவில்லையா என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். கிராம சபையில் ஒன்றாம் நம்பர் கணக்கின் வரவு செலவை மட்டும் தனியாக வாசிக்கச் சொல்லுங்கள். அதில் மூன்றைப் பாருங்கள். வீட்டு வரிக் கேட்புக்கும் வசூலுக்கும் எவ்வளவு இடைவெளி, மின் கட்டணமும் சம்பளமும் போக வருடக் கடைசியில் இருப்பு எவ்வளவு, 'இதர செலவு' என்ற தலைப்பில் எவ்வளவு. இருப்பு நின்று, இதர செலவும் கனமாக இருந்தால், 'விருப்பப் பணி' என்ற பதில் சாக்கு. இருப்பே இல்லாமல், மின் வாரியத்துக்குப் பாக்கியும் இருந்தால் அது உண்மை. மானியப் பணத்தில் என்ன வேலை எடுத்தார்கள் என்பதை egramswaraj.gov.in தளத்தில் ஊராட்சி பெயர் போட்டுப் பார்க்கலாம். திறக்காத நூலகத்துக்கு இரண்டாவது தடவை பெயின்ட் அடித்திருந்தால் அங்கே தெரிந்துவிடும். அது நடக்கும், சிரிக்காதீர்கள். கட்டடத்துக்குத்தானே பணம் உண்டு.

உண்மை என்று தெரிந்தால் என்ன செய்வது? எனக்குத் தெரிந்த ஒரு ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். வீட்டு வரியில் கிட்டத்தட்ட பாதி வசூலாகாமல் கிடந்தது. கிராம சபையில், பாக்கி வசூலாகும் தொகையில் இருந்து மாதம் இவ்வளவு படிப்பகத்துக்கு என்று தீர்மானம் போட்டார்கள். இளைஞர் மன்றத்துப் பையன்களே வீடு வீடாகப் போய் ரசீதோடு ஊராட்சிச் செயலரைக் கூட்டிக்கொண்டு வசூல் பார்த்தார்கள். ஆளைச் சம்பளத்துக்கு வைக்காமல், ஏற்கெனவே சாயங்காலம் மோட்டார் போட அந்தப் பக்கம் வரும் டேங்க் ஆபரேட்டரிடம் சாவியைக் கொடுத்து, அவருக்குக் கூடுதலாக ஒரு சிறு தொகை வைத்தார்கள். மணி நேரம் குறைந்தது, ஆறு முதல் எட்டு வரை மட்டும். செலவு 84,000-இல் இருந்து முப்பதாயிரத்துக்குக் கீழே வந்தது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் வர ஆரம்பித்ததும், பிளீச்சிங் பவுடர் மூட்டைக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லிச் சண்டையும் வந்தது.

உங்கள் ஊரில் டேங்க் எங்கே இருக்கிறது, நூலகத்துக்கு எவ்வளவு தூரம்?